அடுத்து யாரை அழைப்பது?

மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில், வந்த வரிசைப்படி ஆட்களைப் பார்ப்பதில்லை. வருகிறவரின் நிலையைப் பார்த்து ஓர் எண் போடுகிறார்கள். ஒன்று என்றால் உடனடி சிகிச்சை, ஐந்து என்றால் காத்திருக்கலாம். இந்தப் பிரிவுக்கு ஒரு கணினி நிரல் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அது மூன்றே காரியங்களைச் செய்தால் போதும். புதிதாக வருகிறவரைச் சேர்க்க வேண்டும். இருப்பவர்களில் மிக அவசரமானவர் யார் என்று சொல்ல வேண்டும். அவரை உள்ளே அனுப்பியதும் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும்.

இந்த மூன்று காரியங்களும், ஒவ்வொன்றும் என்ன விடை தரும் என்ற உறுதியும் சேர்ந்ததுதான் அருவத் தரவு வகை. கல்லூரியில் ஆப்ஸ்ட்ராக்ட் டேட்டா டைப் என்று படிப்பது இதைத்தான். நம்முடைய இந்த வகைக்கு முன்னுரிமை வரிசை, அதாவது பிரையாரிட்டி க்யூ என்று பெயர். நோயாளிகளின் விவரம் நினைவகத்தில் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பற்றி இதில் ஒரு சொல்லும் இல்லை. அந்த அடுக்கும் முறைக்குப் பெயர் தரவுக் கட்டமைப்பு. முன்னது கொடுத்த வாக்கு, பின்னது அந்த வாக்கைக் காப்பாற்றும் ஏற்பாடு. பாடப்புத்தகங்கள் இரண்டையும் ஒரே அத்தியாயத்தில் வைப்பதால் மாணவர்கள் பலர் முன்னுரிமை வரிசை என்றாலே ஹீப் என்று எழுதிவிடுகிறார்கள். ஹீப் என்பது அந்த வாக்கைக் காப்பாற்றும் வழிகளில் ஒன்று, அவ்வளவுதான்.

இந்தப் பிரிவினையை நிரல்மொழிக்குள்ளேயே கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த பார்பரா லிஸ்கோவ். ஸ்டீபன் ஸில்ஸ் என்பவரோடு சேர்ந்து 1974இல் அருவத் தரவு வகைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அந்த எண்ணத்திலிருந்து பிறந்த க்ளூ என்ற மொழியில், ஒரு வகையை அதன் செயல்கள் வழியாக மட்டுமே தொட முடியும். உள்ளே இருப்பதை வெளியிலிருந்து யாரும் எட்டிப் பிடிக்க முடியாது. 2008ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது லிஸ்கோவுக்குக் கிடைத்தது.

நம் மூன்று காரியங்களை எத்தனை விதமாகச் செய்யலாம் என்று பார்ப்போம்.

மிக எளியது, வருகிறவரை எந்த ஒழுங்கும் பார்க்காமல் பட்டியலின் கடைசியில் எழுதிக்கொள்வது. சேர்ப்பதற்கு ஒரே படி. ஆனால் அடுத்தவரை அழைக்கும்போது பட்டியல் முழுவதையும் பார்த்துத்தான் சிறிய எண்ணைக் கண்டுபிடிக்க முடியும். இரண்டாவது வழி இதற்கு நேர் எதிர். எண் வரிசை குலையாமல் பட்டியலை எப்போதும் சீராக வைத்திருந்தால், அடுத்தவரை எடுப்பது ஒரு படிதான். சேர்க்கும்போதுதான் பாடு: நடுவில் இடம் பிடிக்க, அந்த இடத்துக்குப் பின்னால் இருப்பவர்கள் எல்லோரையும் ஒவ்வோர் இடம் தள்ள வேண்டும்.

மூன்றாவது வழி ஹீப். 1964இல் ஜே. டபிள்யூ. ஜே. வில்லியம்ஸ் வெளியிட்ட ஏற்பாடு இது. பட்டியல் முழுதும் வரிசையாக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வோர் எண்ணுக்கும் கீழே இரண்டு பிள்ளைகள் வரை இருக்கலாம். பெற்றோர் எண் பிள்ளைகளின் எண்ணைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. இந்த ஒரு விதி காக்கப்பட்டால் போதும், மிகச் சிறிய எண் தானாக உச்சிக்கு வந்துவிடும். நான்கு, இரண்டு, ஐந்து, ஒன்று, மூன்று என்ற வரிசையில் ஐந்து பேர் வந்தால் பைதான் மொழியில் இப்படி எழுதலாம்:

```
import heapq
q = []
for n in [4, 2, 5, 1, 3]:
    heapq.heappush(q, n)
print(q)    # [1, 2, 5, 4, 3]
```

அச்சாவது ஏறுவரிசை அல்ல. புதிதாகப் படிப்பவர்கள் இதைப் பார்த்துவிட்டு, நிரலில் பிழை என்று தேட ஆரம்பிப்பார்கள். பிழை ஒன்றும் இல்லை. முதலில் இருக்கும் 1க்குப் பிள்ளைகள் 2, 5. அடுத்து, 2க்குப் பிள்ளைகள் 4, 3. விதி எங்கும் மீறப்படவில்லை. உச்சியில் உள்ள 1ஐ எடுத்ததும் கடைசியில் உள்ள 3 உச்சிக்கு வருகிறது. அதன் பிள்ளைகளில் சிறியது 2. அது 3ஐவிடச் சிறியது என்பதால் இரண்டும் இடம் மாறுகின்றன. 3க்குக் கீழே இப்போது 4 மட்டும் இருக்கிறது. அங்கே மாற்றம் தேவையில்லை. மிஞ்சுவது `[2, 3, 5, 4]`. ஒரே ஒரு கிளை வழியாகத்தான் இறங்கினோம், மற்றக் கிளையைத் தொடவே இல்லை. ஹீப்பின் வேகம் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

அந்த வேகம் எவ்வளவு? ஒரு லட்சம் உருப்படிகளைச் சேர்த்து, பிறகு ஒன்று விடாமல் எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒழுங்கில்லாத பட்டியலில் சுமார் 500 கோடி ஒப்பீடுகள் தேவைப்படும். சீராக வைத்த பட்டியலில், வருகை தாறுமாறாக இருந்தால், சுமார் 250 கோடி இடமாற்றங்கள். ஹீப்பின் உயரமோ ஒரு லட்சத்துக்கும் பதினாறு படிதான். மொத்த ஒப்பீடுகள் 50 லட்சத்தைத் தாண்டாது. ஆனால் அவசர சிகிச்சைப் பிரிவில் முப்பது பேர்தான் காத்திருக்கிறார்கள் என்றால் மூன்றில் எதை வைத்தாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அங்கே எளிய பட்டியலை எழுதுகிறவரே சரியாகச் செய்கிறவர் என்பது என் எண்ணம்.

மூன்றும் ஒரே வாக்கைக் காப்பாற்றுகின்றன என்றேன். வாக்கு எதைப் பற்றிப் பேசவில்லையோ, அங்கே அவை வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும். மூன்று பேருக்கும் ஒரே எண், 2 என்று வைத்துக்கொள்வோம். முதலில் அமுதா, பிறகு பாலு, அதன் பிறகு செல்வி வந்தார்கள். வந்த வரிசையில் அழைப்பதே நியாயம் என்று நமக்குத் தோன்றும். ஆனால் நம் மூன்று காரியங்களில் அந்த உறுதி எங்கும் இல்லை. ஜாவா மொழியின் `PriorityQueue` உள்ளே ஹீப் வைத்திருக்கிறது. எண்ணை மட்டும் ஒப்பிடச் சொல்லி இந்த மூவரையும் சேர்த்தால், அமுதா போனதும் கடைசியில் இருந்த செல்வி உச்சிக்கு வருகிறார். பாலுவின் எண்ணும் 2தான் என்பதால் இடம் மாறத் தேவையில்லை. அடுத்து செல்விக்கு அழைப்பு. பைதானின் `heapq`வும் ஹீப்தான். ஆனால் அது உச்சிக்கு வந்ததை முதலில் அடிவரை இறக்கிவிட்டுப் பிறகு தேவையான அளவு மேலே ஏற்றும். அதனால் அங்கே அடுத்த அழைப்பு பாலுவுக்கு. கட்டமைப்பு ஒன்றே, செயலாக்கம் வேறு என்பதாலேயே விடை மாறிவிட்டது. ஜாவாவின் ஆவணம், சம எண்கள் வந்தால் எது முதலில் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. வந்த வரிசை முக்கியம் என்றால் அதையும் வாக்கில் சேர்க்க வேண்டும்: ஒவ்வொருவருக்கும் ஒரு வருகை எண் கொடுத்து, அவசர எண் சமமானால் வருகை எண்ணை ஒப்பிட வேண்டும். அப்படிச் செய்தால் மூன்று செயலாக்கங்களும் ஒரே விடை தரும்.

பைதானுக்கும் ஜாவாவுக்கும் இதைவிட முக்கியமான இன்னொரு வேறுபாடு உண்டு. ஜாவாவில் உள்ளே இருக்கும் அடுக்கு மறைக்கப்பட்டிருக்கிறது. பைதானின் `heapq`வில் அந்த மறைப்பு இல்லை. மேலே பார்த்த `q` ஒரு சாதாரணப் பட்டியல். யார் வேண்டுமானாலும் அதில் கை வைக்கலாம். `[2, 3, 5, 4]` என்று இருக்கும்போது, வேறொருவர் எழுதிய பகுதி `heappush` என்பதற்குப் பதிலாக `q.append(1)` என்று சேர்த்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பட்டியல் `[2, 3, 5, 4, 1]` ஆகிவிடும். அடுத்த அழைப்பில் 2 வெளியே வரும், மிக அவசரமான 1 காத்திருக்கும். உச்சி காலியானதும் கடைசியில் இருந்த 1 அங்கே வந்துவிடுவதால், அதற்கடுத்த அழைப்பு சரியாக இருக்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராது, தவறு ஓர் அழைப்போடு மறைந்துவிடும். இப்படிப்பட்ட தவறைப் பிடிக்க ஒரு வழி, சோதனையின்போது ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பெற்றோர் பிள்ளை விதி எல்லா இடத்திலும் சரியாக இருக்கிறதா என்று சரிபார்ப்பது. இன்னும் நல்ல வழி, பட்டியலை ஒரு வகுப்புக்குள் வைத்து, சேர், பார், எடு என்ற மூன்று வாசல்களை மட்டும் திறந்துவைப்பது. லிஸ்கோவ் கேட்டது இதைத்தான்.

மறைத்துவைத்தாலும் தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. காத்திருக்கும் ஒருவரின் நிலை மோசமாகி, அவருடைய எண் நான்கிலிருந்து ஒன்றாக மாறிவிடுகிறது. நோயாளியின் பதிவில் எண்ணை மாற்றிவிடலாம். ஆனால் அது மாறிய செய்தி ஹீப்புக்குத் தெரியாது, அவர் பழைய இடத்திலேயே இருப்பார். எண்ணை மாற்றுவது நம் வாக்கில் இல்லாத நான்காவது காரியம். அதைச் சேர்க்க நினைத்தால், அந்த நபர் ஹீப்பில் எங்கே இருக்கிறார் என்று முதலில் தெரிய வேண்டும். ஹீப் அதைச் சொல்லாது, ஒவ்வொருவராகத் தேட வேண்டியதுதான். ஜாவாவில் குறிப்பிட்ட ஒருவரை நீக்கச் சொன்னால் அது முழுப் பட்டியலையும் தேடத்தான் செய்கிறது. அதனால் யார் எங்கே இருக்கிறார் என்று தனியாக ஓர் அட்டவணை வைத்துக்கொள்வார்கள். அல்லது புதிய எண்ணோடு இன்னொரு பதிவைச் சேர்த்துவிட்டு, பழைய பதிவு பின்னால் வெளியே வரும்போது அதைத் தள்ளிவிடுவார்கள்.

இந்த நான்காவது காரியம் அடிக்கடி தேவைப்படும் இடம், ஓர் ஊரிலிருந்து மற்ற ஊர்களுக்குக் குறுகிய வழி தேடும் டைக்ஸ்ட்ராவின் முறை. அவர் அதை வெளியிட்டது 1959இல், ஹீப் பிறப்பதற்கு முன்பு. பக்கத்து ஊர் ஒன்றுக்குக் குறைந்த தூரத்தில் வழி கிடைக்கும்போதெல்லாம் அந்த ஊரின் எண் குறையும். எண்ணைக் குறைக்கும் இந்த ஒரு காரியத்தை மலிவாக்கத்தான் மைக்கேல் ஃப்ரெட்மனும் ராபர்ட் டார்ஜனும் 1984இல் ஃபிபனாச்சி ஹீப் என்ற வேறொரு கட்டமைப்பை உருவாக்கினார்கள். கணக்குப்படி அது சிறந்தது. ஆனால் ஒவ்வோர் உருப்படியும் பல சுட்டிகளைச் சுமப்பதால், நடைமுறையில் சாதாரண ஹீப்பை அது வெல்வது அரிது.

உண்மையான சாலை வரைபடத்தில் ஒரு சந்திப்பிலிருந்து மூன்று, நான்கு சாலைகள்தான் பிரியும். அங்கே ஹீப் நன்றாக ஓடும். 1000 இடங்களும் ஒன்றோடொன்று நேரடியாக இணைந்திருந்தால் கணக்கு மாறிவிடும். சுமார் ஐந்து லட்சம் இணைப்புகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் குறையலாம், ஒவ்வொரு குறைப்பும் ஹீப்பில் ஒன்பது படி வரை ஏறலாம். மோசமான நிலையில் 45 லட்சம் படிகள். ஒழுங்கே இல்லாத பட்டியலில் எண்ணைக் குறைப்பது ஒரே படி. அடுத்த ஊரைத் தேர்ந்தெடுக்க ஆயிரம் முறை முழுப் பட்டியலைப் பார்த்தாலும் 10 லட்சத்துக்கு மேல் போகாது. இரண்டையும் கூட்டினாலும் 15 லட்சம்தான். அப்படி நெருக்கமாகப் பின்னிய வலையில் டைக்ஸ்ட்ராவின் முறையை எழுதுகிறவர்கள் இன்றும் ஹீப்பை விட்டுவிட்டு அந்த வெறும் பட்டியலையே எடுத்துக்கொள்கிறார்கள்.