உஷார்! விரலை ஆட்டினால் வைத்தியம் ஆகிவிடாது

உங்கள் பிள்ளை ஒரு விபத்திலிருந்து மீண்டிருக்கிறதா? எலும்பு கூடிவிட்டது, ஆனால் ராத்திரியில் அலறி எழுகிறதா? "கண்ணை இடம் வலமா அசைச்சா போதும், ஒரே சிட்டிங்ல பயம் போயிடும்" என்று யாராவது சொன்னார்களா?

பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் நம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. அதில் ஒரு வீட்டுப் பெண்ணுக்கு 15 வயது. ஸ்கூல் விட்டு ஷேர் ஆட்டோவில் வரும்போது பஸ் மோதியது. கை எலும்பு முறிந்து கூடிவிட்டது. ஆனால் ஆறு மாதம் ஆகியும் ஹாரன் சத்தம் கேட்டால் குனிந்துவிடுவாள். அந்த ரோட்டுப் பக்கமே போகமாட்டாள். அம்மா தவித்துப்போய், 'ட்ராமா கோச்' என்று போர்டு போட்ட ஒருவரிடம் அழைத்துப் போனார். அவர் எடுத்திருந்தது வார இறுதிப் பயிற்சி. அது அப்போது யாருக்கும் தெரியாது!

முதல் நாளே, பத்து நிமிடம் பேசிவிட்டு, விபத்தை நினைக்கச் சொல்லி முகத்துக்கு முன்னால் விரலை ஆட்டத் தொடங்கிவிட்டார். அவள் அழுதாள். அப்புறம் அழுகை நின்று பார்வை ஒரே இடத்தில் குத்திட்டு நின்றது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் இல்லை. "நல்லதுதான், உள்ளே இருக்கிறது வெளியேறுது" என்றாராம் அந்த மனிதர். அடுத்த ஆள் காத்திருந்ததால் நேரம் முடிந்தது என்று அனுப்பிவிட்டார்.

"அவ கண்ணு என்னமோ மாதிரி ஆயிடுச்சுக்கா. வீட்டுக்கு வந்தும் அப்படியே இருந்தா" என்றார் அம்மா. அன்று ராத்திரி தூக்கமில்லை. அந்த வாரமே ஸ்கூல் நின்றது. பிறகு ஒரு நாள் கையில் பிளேடு கீறல்!

இந்தச் சிகிச்சை மோசடி இல்லை. இதன் பெயர் இ.எம்.டி.ஆர். அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சின் ஷாபிரோ 1989-ல் முதல் ஆய்வை வெளியிட்டார். 2001 குஜராத் பூகம்பத்துக்குப் பிறகு நம் நாட்டிலும் பயிற்சி கொடுக்கப்பட்டது. ஆனால் இதில் 8 கட்டங்கள் உண்டு. கண் அசைவு வருவது நாலாவது கட்டத்தில்தான்! அந்தக் கோச் முதல் மூன்றையும் கடைசியில் உள்ளதையும் விழுங்கிவிட்டார்.

அதே பெண்ணைப் பிறகு ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பார்த்தார். அவர் எப்படிச் செய்தார் என்று கேளுங்கள். முதல் சில வாரம் விரலே ஆடவில்லை. வேறு என்னென்ன நடந்திருக்கிறது, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா, திடீரென்று 'காணாமல் போகிறாளா' என்று விசாரித்தார். மனதைத் தானே அமைதிப்படுத்திக்கொள்ளப் பழக்கினார். போதும் என்றால் கையைத் தூக்கு, உடனே நிறுத்திவிடுவேன் என்று சொல்லிவைத்தார்.

அப்புறம்தான் விபத்தைத் தொட்டார். எது மிக மோசமான நொடி? பஸ்ஸின் முன் கண்ணாடி நெருங்கி வருவது. அப்போது தன்னைப் பற்றி என்ன தோன்றுகிறது? "செத்துடுவேன்." அதற்குப் பதிலாக என்ன நம்ப ஆசை? "அது முடிஞ்சுடுச்சு, இப்ப பத்திரமா இருக்கேன்." இந்த வாக்கியம் எவ்வளவு உண்மையாகப் படுகிறது என்று 1 முதல் 7-க்குள் ஒரு எண் சொல்ல வேண்டும். தவிப்பு எவ்வளவு என்று 0 முதல் 10-க்குள் இன்னொரு எண். அவள் 9 என்றாள். உடம்பில் எங்கே? நெஞ்சில்.

பிறகு கண் அசைவு. ஒரு சுற்று அரை நிமிடம் போல. நிறுத்தி, மூச்சு விடச் சொல்லி, "இப்ப என்ன வருது?" என்ற ஒரே கேள்வி. வருவது எதுவானாலும் அதிலிருந்து அடுத்த சுற்று. தவிப்பு 0-க்கு வந்தபிறகு அந்த நல்ல வாக்கியத்தைப் பதிய வைத்து, உடம்பில் இறுக்கம் மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரே நாளில் இறங்காது போகலாம். அப்படி 5-லோ 6-லோ நிற்கும்போதும், நேரம் முடிவதற்குள் பிள்ளையை அமைதிக்குக் கொண்டுவந்துதான் வெளியே அனுப்ப வேண்டும். அடுத்த முறை வந்ததும் எண்ணை மறுபடி கேட்க வேண்டும்.

திறந்த காயத்தைக் கட்டாமல் அனுப்புவதுதான் ஆபத்து!

சரி, இது உண்மையில் பலன் தருமா? 2017-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில் 8 முதல் 18 வயது வரை 103 பேர் இருந்தார்கள். அதிகபட்சம் 6 அமர்வுகள். இ.எம்.டி.ஆர்., நடந்ததை எழுத வைக்கும் சிகிச்சை இரண்டுமே, சிகிச்சைக்குக் காத்திருந்த பிள்ளைகளைவிட நல்ல பலன் தந்தன. இ.எம்.டி.ஆருக்கு நேரம் குறைவாகப் பிடித்தது. ஒன்றைக் கவனியுங்கள்: அந்தப் பிள்ளைகள் எல்லோருக்கும் நடந்தது ஒரே ஒரு சம்பவம். வருடக்கணக்காக அடி, வன்கொடுமை என்று அனுபவித்த பிள்ளைக்கு இதே வேகத்தை யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

உலக சுகாதார நிறுவனம் 2013-ல் பிள்ளைகளுக்கும் இதைப் பரிந்துரைத்தது. ஆனால் ஆதாரத்தின் தரம் குறைவு என்று அதே ஆவணத்தில் குறித்திருக்கிறது. பிரிட்டனின் 2018 வழிகாட்டுதல் இன்னும் ஜாக்கிரதை: 7 முதல் 17 வயதுக்கு முதலில் அதிர்ச்சிக்கான சிபிடி பேச்சு சிகிச்சை, அது பலிக்காவிட்டால் அல்லது பிள்ளை ஒத்துழைக்காவிட்டால்தான் இது. கண் அசைவு தேவையா என்பதே சண்டை! 2001-ல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் அதனால் கூடுதல் பலன் இல்லை என்றார்கள். 2013-ல் தொகுத்தவர்கள் உண்டு என்றார்கள். என்னைக் கேட்டால், ஒரே விபத்தால் உடைந்த பிள்ளைக்கு, சரியான கையில், இது நியாயமான சிகிச்சை. ஆனால் எல்லா நோய்க்கும் இதுவே மருந்து என்பவரிடம் நிற்காதீர்கள்.

இன்னும் கேளுங்கள். மாத்திரையை நிறுத்தச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். "மறந்துபோன நினைவைத் தோண்டி எடுக்கிறேன்" என்றால் அப்போதே! இல்லாதது நினைவாகப் பதிந்துவிடும். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளையிடம் முதல் நாளே வீடியோ காலில் ஆரம்பிப்பவரும் வேண்டாம்.

பாலியல் கொடுமை வெளியே வந்தபிறகு, "போலீசுக்குச் சொல்லாதீங்க, நான் பார்த்துக்கறேன்" என்பவர் சட்டத்தையே மீறுகிறார். போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, தெரிந்தவர் எவரும் புகார் தர வேண்டும் என்கிறது. சிகிச்சை தருபவருக்கும் விலக்கில்லை.

போகும் முன் இரண்டே கேள்வி. இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ-யில், கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாகப் பதிவு எண் உண்டா, அல்லது மனநல மருத்துவரா? இ.எம்.டி.ஆர். பயிற்சி எத்தனை மணி நேரம், யாருடைய மேற்பார்வையில்? அமெரிக்க இ.எம்.டி.ஆர். சங்கம் அடிப்படைப் பயிற்சிக்கே 20 மணி பாடம், 20 மணி செய்முறை, 10 மணி மேற்பார்வை கேட்கிறது. சனி, ஞாயிறில் முடிகிற விஷயமா இது? கேட்டதும் முகம் சுளித்தால் அதுவே பதில்.

கொல்கத்தாவில் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லையா? எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனையைச் சேர்ந்த இன்ஸ்டிடியூட் ஆஃப் சைக்கியாட்ரியில் ஓ.பி. சீட்டு வாங்குங்கள். ஏற்கெனவே ஒரு அமர்வு முடிந்து, பிள்ளை தூங்காமல், பேசாமல், கையைக் கீறிக்கொண்டு இருந்தால் அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்காதீர்கள். பிளேடு, மாத்திரை எல்லாவற்றையும் எட்டாத இடத்தில் வையுங்கள், தனியே விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். வழியிலேயே டெலி மானஸுக்கு 14416-ல் போன் போடுங்கள். இலவசம்தான், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.