அரிக்காதவன் கை

போன வாரம் படர்தாமரையோடு நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் அதன் பக்கத்து வீட்டுக்காரரான சிரங்கு. நாங்கள் ஸ்கேபீஸ் என்போம், வீட்டில் சொறி என்பார்கள்.

ஒரு கல்லூரி விடுதி மாணவன் மூன்றாவது முறையாக என்னிடம் வந்தது ஜனவரி முதல் வாரத்தில். டிசம்பர் நடுவில் முதல் முறை வந்தபோது விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், தொப்புளைச் சுற்றி என்று சிரங்கு எங்கெங்கே வருமோ அங்கெல்லாம் வந்திருந்தது. இரவில் தூக்கமே இல்லை என்றான். பெர்மெத்ரின் 5% களிம்பு எழுதிக் கொடுத்தேன். சரியாகத்தான் தடவியிருந்தான், குறைந்தும் போனது. பத்து நாளில் மறுபடி வந்தான். மூன்றாவது முறை வந்தபோது அவன் முகத்தில் கோபம். "டாக்டர், மருந்து சரியில்லையோ?"

"ரூமில் எத்தனை பேர் தம்பி?"

"ஆறு பேர். ரெண்டு பேருக்கு லேசா அரிக்குது, படை மாதிரின்னு சொல்றாங்க. பக்கத்துக் கட்டில்காரனுக்கு ஒண்ணுமே இல்லை, அவன் ரொம்ப சுத்தம்."

முதல் தடவையே இதைக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டது என் தப்பு. ஆறு பேரையும் வரச் சொன்னேன்.

அந்தச் சுத்தக்காரனின் மணிக்கட்டை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் மடிப்பில் நூல் இழை கிடந்தது போல அரை சென்டிமீட்டர் சாம்பல் கோடு ஒன்று தெரிந்தது. அதன் மேல் பேனா மையைத் தடவி, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன். தோலில் இருந்த மை போய்விட்டது. கோட்டுக்குள் இறங்கிய மை மட்டும் நெளிந்த நீலக் கீறலாக நின்றது. பூச்சி தோலின் மேல் அடுக்கில் தோண்டிக்கொண்டு போன சுரங்கம் அது. தோலைப் பார்க்கும் லென்ஸை வைத்துக் காட்டினேன். கோட்டின் முனையில் சின்னக் கருப்பு முக்கோணம், அதுதான் பூச்சியின் தலைப்பக்கம். "அரிக்கவே இல்லையே டாக்டர்," என்றான். பயந்துவிட்டான் பாவம்.

விஷயம் இதுதான். அரிப்பு பூச்சி கடிப்பதால் வருவதில்லை. பூச்சி, அதன் முட்டை, எச்சம் எல்லாவற்றையும் உடம்பு அந்நியம் என்று அடையாளம் கண்டுகொண்ட பிறகுதான் அரிப்பு கிளம்பும். முதல் முறை தொற்றும்போது அதற்கு நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அத்தனை நாளும் தொற்றியவன் அரிப்பில்லாமல் அடுத்தவருக்குப் பூச்சியைக் கொடுத்துக்கொண்டே இருப்பான். ஏற்கெனவே ஒரு முறை வந்தவனுக்கோ உடம்பு தயாராக இருப்பதால் மறுபடி தொற்றினால் ஓரிரு நாளிலேயே அரிக்கத் தொடங்கும். என் நோயாளிக்குத் திரும்பத் திரும்ப வந்தது இப்படித்தான். அவன் தீபாவளிக்கு ஊருக்குப் போய்ப் பிடித்துக்கொண்டு வந்து, தெரியாமலே நண்பனுக்குக் கொடுத்தான். அவன் மருந்து போட்டுத் தேறியதும் நண்பன் அதைத் திருப்பிக் கொடுத்தான். இருவரும் கட்டிலை ஒட்டிப் போட்டு, ஒரே போர்வைக்குள் படுத்து செல்போனில் படம் பார்ப்பவர்கள்.

வார்டனுக்குச் சந்தேகம் போர்வை மேல். விடுதி நாயின் மேலும் கொஞ்சம் சந்தேகம். நாய்க்கு வரும் சொறிப்பூச்சி வேறு வகை, மனிதத் தோலில் குடும்பம் நடத்தாது. போர்வை பற்றிய கேள்விக்கு இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே பதில் கிடைத்துவிட்டது. பிரிட்டனில் சிரங்கு பரவியபோது கம்பளிகளைச் சுத்திகரிப்பதில் அரசு முனைந்திருந்தது. கென்னத் மெலன்பி என்ற பூச்சியியலாளர் ஷெஃபீல்டில், போருக்குப் போக மறுத்த இளைஞர்களைத் தன்னார்வலர்களாக வைத்துச் சோதித்தார். நோயாளிகள் பயன்படுத்திய துணியிலும் கம்பளியிலும் படுத்தவர்களில் மிகச் சிலருக்கே தொற்றியது. தோலோடு தோல் நெடுநேரம் ஒட்டியிருப்பதுதான் முக்கிய வழி. கை குலுக்கினால் சாதாரணமாக ஒட்டாது, ஒரே படுக்கையில் தூங்கினால் ஒட்டும்.

அதனால் வார்டனிடம் சொன்னேன்: "சார், துணியை அப்புறம் பார்ப்போம். சனிக்கிழமை ராத்திரி ஆறு பேரும் ஒரே நேரத்தில் தடவணும். அரிக்குதோ இல்லையோ." ஒருவர் இன்றும் இன்னொருவர் நாளை மறுநாளும் போட்டால், மருந்து போடாதவரிடமிருந்து போட்டவருக்குப் பூச்சி திரும்பிவிடும்.

ஒரு ஆளுக்கு ஒரு தடவைக்கு 30 கிராம் டியூப் ஒன்று. இரண்டு தடவை என்றால் ஆறு பேருக்கு 12 டியூப். பல இடங்களில் கணக்கு இங்கேதான் சறுக்கும். ஒரு டியூபை மூன்று பேர் பங்கு போட்டு, அரிக்கும் இடத்தில் மட்டும் ஒரு வாரம் பூசுவார்கள். குளித்து, நன்றாகத் துவட்டி, நகத்தை ஒட்ட வெட்டி, கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை ஒரு விரற்கடை விடாமல் தடவ வேண்டும். விரல் இடுக்கு, நகத்தடி, தொப்புள், பிறப்புறுப்பு, பிட்ட இடுக்கு எல்லாம் இதில் சேர்த்தி. முதுகுக்கு இன்னொருவர் வேண்டும். இடையில் கை கழுவினால் கைக்கு மறுபடி போட வேண்டும். எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் விட்டு, காலையில் குளிக்கலாம். சரியாக ஏழாம் நாள் இன்னொரு முறை. தப்பிய முட்டை பொரிந்து குஞ்சாகியிருக்கும், வளர்ந்து முட்டையிடுவதற்குள் அதையும் முடிக்க வேண்டும்.

ஞாயிறு காலை துணி. கடைசி மூன்று நாளில் உடுத்தியது, விரித்தது, போர்த்தியது, துவட்டியது மட்டும் போதும். மனித உடம்பை விட்டால் இந்தப் பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. 50 டிகிரி சூட்டில் பத்து நிமிடத்தில் செத்துவிடும். சோப்புத்தூளை நம்பாதீர்கள், கொல்வது சூடுதான். குளிர்ந்த தண்ணீரில் எவ்வளவு அடித்துத் துவைத்தாலும் பயனில்லை. மெஸ்ஸிலிருந்து கொதிநீர் வாங்கி, வாளியில் துணி முழுக அமுக்கி, மூடி அரை மணி நேரம் வைத்து, பிறகு துவைத்து உச்சி வெயிலில் காயப் போட்டார்கள். கம்பளி, ஸ்வெட்டர், தலையணை எல்லாம் பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டினார்கள். மூன்று நாள் போதும். நான் ஒரு வாரம் என்றுதான் சொல்வேன், எண்ணும்போது நாள் தப்பும் என்பதால். மெத்தையை வெயிலில் போட்டு, துவைத்த விரிப்பை மாற்றினார்கள். பூச்சிமருந்து அடிக்க ஆள் கூப்பிட வேண்டாம் என்று தடுத்தேன்.

பூச்சி செத்த பிறகும் இரண்டு முதல் நாலு வாரம் அரிக்கும் என்றும் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். செத்தது தோலுக்குள்தானே கிடக்கிறது, தோல் உதிர்ந்தால்தான் போகும். இது தெரியாமல் தினமும் களிம்பைப் பூசித் தோலைப் புண்ணாக்கிக்கொண்டு வருபவர்கள் உண்டு. புதிதாகக் கொப்புளமோ கோடோ கிளம்பினால் அது வேறு கதை, அப்போது காட்ட வேண்டும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு இன்னும் மோசம். அரிப்பை அமுக்கிவிடும், அடியில் பூச்சி பெருகும்.

பொங்கலுக்கு அவன் ஊருக்குப் போவதாக இருந்தது. போனால் திரும்ப வாங்கி வருவானே என்று அவன் அம்மாவிடம் போனில் பேசினேன்.

"எங்களுக்கெல்லாம் ஒண்ணுமில்லீங்க டாக்டர். பேத்திக்கு மட்டும் உள்ளங்கையிலயும் உள்ளங்கால்லயும் வேர்க்குரு. மக தலைப்பிரசவத்துக்கு வந்தவ, இங்கேதான் இருக்கா."

"மார்கழிப் பனியில் வேர்க்குருவாம்மா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "போகிக்கு அந்தப் பாயைக் கொளுத்திப்புடட்டுமா?" என்று கேட்டார்.

பாய் வெயிலில் கிடக்கட்டும், வீட்டில் எல்லோரும் வாருங்கள் என்றேன். போகிக்கு முந்தின நாள் ஐந்து பேர் வந்தார்கள். குழந்தைக்கு ஏழு மாதம். உள்ளங்காலில் முத்து முத்தாக நீர்க்கொப்புளம். கைக்குழந்தைக்கு மட்டும் கழுத்தோடு நிறுத்தக் கூடாது, தலை, நெற்றி, காதுக்குப் பின்புறம் எல்லாம் தடவ வேண்டும், கண்ணையும் வாயையும் விட்டுவிட்டு. கையை வாயில் வைக்காமல் இருக்க இரவில் உறை மாட்டச் சொன்னேன். பாட்டியின் விரல் இடுக்கையும் பார்த்தேன். ஒரு மாதமாக அவருக்கும் அரிக்கிறதாம், பாத்திரம் தேய்க்கிற சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருந்தாராம்.