குவியலை அளத்தல்

அறுவடை முடிந்த களத்திலே நெல் பொலியாகக் குவிந்து கிடக்கும்போது, வயது முதிர்ந்த குடியானவர் ஒருவர் அதனைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்து, "இத்தனை கலம் காணும்" என்று சொல்வதை நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். மரக்கால் இட்டு அளந்து பார்த்தால் அவர் சொன்னதற்குப் பெரும்பாலும் நெருங்கியே வரும். குவியலின் மேற்புறம் அவர் கண்ணுக்குத் தெரிகிறது. களம் சாணமிட்டு மெழுகிய சமதரை என்பதும் அவருக்குத் தெரியும். மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் ஒருசேர அறிந்தமையாலேயே அவருடைய கண்மதிப்பு பொய்ப்பதில்லை. இந்த இரண்டாவது செய்தியை மறந்ததனால் நான் செய்த ஒரு பிழையைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

நான் நில அளவைத் தொழிலில் இருப்பவன். கல்லுடைக்கும் ஆலைகளின் முற்றங்களில் மலைபோல் குவிந்திருக்கும் ஜல்லியை அளந்து சொல்வது என் வேலைகளுள் ஒன்று. முன்னாளில் சங்கிலியும் மட்டக் கருவியும் கொண்டு, குவியலின் மேலே ஆள் ஏறி, குறுக்கு வெட்டுகள் எடுத்துக் கணக்கிடுவோம். இப்போது டிரோன் எனப்படும் சிறு பறக்கும் கருவி அவ்வேலையைச் செய்கிறது. ஜல்லியின் சரிவில் கால் வைத்தால் அது வழுக்கும். ஆகையால் ஆளை மேலே ஏற்றாமல் அளப்பது பாதுகாப்பும் ஆகும்.

அது அளக்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கருவி சுமார் அறுபது மீட்டர் உயரத்தில், உழவுசால் போன்ற நேர்வரிசைகளில் பறந்து, படங்களை எடுத்துக்கொண்டே செல்கிறது. ஒரு படத்தில் விழுந்த பகுதியில் நூற்றுக்கு எண்பது பங்கு அடுத்த படத்திலும் விழவேண்டும். நம் இரு கண்களும் ஒரே பொருளைச் சிறிது வேறுபட்ட இடங்களிலிருந்து காண்பதனால் அல்லவா நமக்குத் தொலைவு புலனாகிறது? அதுபோலவே, ஒரே கல்லைப் பல படங்களில் இனங்கண்டு, அதன் உயரத்தைக் கணிப்பொறி கணித்துவிடுகிறது. முற்றத்தில் ஆங்காங்கே கறுப்பு வெள்ளைக் குறிப்பலகைகளை முன்னதாகவே பதித்து, அவற்றின் இடத்தையும் உயரத்தையும் செயற்கைக்கோள் கருவியால் அளந்து வைத்திருப்போம். அவற்றோடு பொருத்தியபின் நமக்குக் கிடைப்பதே மேற்பரப்பு மாதிரி என்பது. நிலம் முழுவதையும் ஐந்து சென்டிமீட்டர் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திற்கும் ஓர் உயரத்தை எழுதிவைத்த பெரும் பட்டியலே அது.

இனிக் கணக்கு எளிது. கட்டத்தின் உயரத்திலிருந்து அதன் நேர்கீழே உள்ள தரையின் உயரத்தைக் கழித்து, கட்டத்தின் பரப்பால் பெருக்கினால், அக்கட்டத்தின்மேல் நிற்கும் ஒல்லியான தூணின் பருமன் கிடைக்கும். எல்லாத் தூண்களையும் கூட்டினால் குவியலின் பருமன் ஆகிறது. ஒரு சதுர மீட்டரில் நானூறு கட்டங்கள். ஆயிரம் சதுர மீட்டரில் கால் பரப்பிய குவியலுக்கு நான்கு இலட்சம் தூண்கள்.

இவ்வாறு அளக்கப்பட்ட ஒரு குவியலின் கதைக்கு வருகிறேன். கொங்கு நாட்டுப் பக்கத்தில் ஓர் ஆலையின் முற்றம். முக்கால் ஜல்லி நீளவாக்கில் குவிந்திருந்தது. நீளம் 66 மீட்டர், அகலம் 16 மீட்டர், முகட்டின் உயரம் 6 மீட்டர். ஆலையின் உரிமையாளர் என்னை அழைத்ததற்குக் காரணம் உண்டு. ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரம் அது. முற்றத்துக் கணக்கரின் ஏட்டின்படி, எடைமேடையில் நிறுத்து உள்ளே கொட்டியது போக வெளியே சென்றதைக் கழித்தால், 4,410 டன் இருக்கவேண்டும். கணக்கர் அறுபது வயதை எட்டியவர். அந்த ஆலையிலேயே நரை கண்டவர்.

மேற்பரப்பு மாதிரி அன்று மாலையே ஆயத்தமாயிற்று. ஆயினும், தரையின் உயரம் என்று எதைக் கழிப்பது? குவியலுக்கு அடியில் உள்ள தரையைக் கருவி ஒருநாளும் பார்த்ததில்லை. இங்கேதான் பலர் வழுக்கி விழுகின்றனர். குவியலின் அடிவிளிம்பில் மிகத் தாழ்ந்த புள்ளியைப் பிடித்து, அந்த மட்டத்தில் ஒரு சமதளம் கிடப்பதாகக் கொள்வது மிக எளிய வழி. ஆனால் மழைநீர் வடிவதற்காக அம்முற்றம் நூற்றுக்கு ஒன்று என்ற சரிவில் அமைந்திருந்தது. 66 மீட்டர் நீளத்தில் ஒரு முனை மற்றதைவிட 66 சென்டிமீட்டர் தாழ்வு. தாழ்ந்த மட்டத்தையே எங்கும் கொண்டால், சராசரியாக 33 சென்டிமீட்டர் கனமுள்ள மண்ணையும் ஜல்லியென்று எண்ணிவிடுவோம். ஆயிரம் சதுர மீட்டருக்கு அது 330 கன மீட்டர்.

இதை அறிந்தவனாதலால் நான் அவ்வாறு செய்யவில்லை. அடிவிளிம்பைச் சுற்றி நெருக்கமாகப் புள்ளிகள் குறித்து, அவற்றை முக்கோணங்களால் இணைத்து, சரிவோடு கூடிய ஓர் அடித்தளத்தை அமைத்தேன். விளிம்பருகே நின்ற லோடர் வண்டியையும் மாதிரியிலிருந்து நீக்கினேன். கருவிக்குக் கல்லும் ஒன்றே, வண்டியும் ஒன்றே. விட்டிருந்தால் முப்பது நாற்பது கன மீட்டர் ஜல்லியாக அது கணக்கில் ஏறியிருக்கும். கிடைத்த விடை 2,800 கன மீட்டர். லாரிக்காரர்கள் வழங்கும் கணக்கில், நூறு கன அடி கொண்ட யூனிட்டில் ஏறத்தாழ 989 யூனிட். பத்துக் கன மீட்டர் கொள்ளும் டிப்பர் ஒன்றில் அதே ஜல்லியைத் தலைதட்டி நிரப்பி நிறுத்தபோது 15 டன் காட்டியது. ஆக ஒரு கன மீட்டருக்கு ஒன்றரை டன். மொத்தம் 4,200 டன்.

ஏட்டுக்கும் என் அளவைக்கும் 210 டன் வேறுபாடு. பத்து லாரிச் சுமைக்கு மேல். உரிமையாளர் கணக்கரைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. "ஐயா, என் கையால் ஒரு கல் வெளியே போனதில்லை" என்று மட்டும் அவர் சொன்னார். நான்கு இலட்சம் தூண்களைக் கூட்டிய கணிப்பொறிக்கு எதிராக ஒரு முதியவரின் வாய்ச்சொல் எவ்வளவு தூரம் நிற்கும்?

அன்றிரவு நான் என் கணக்கை மீண்டும் சோதித்தேன். ஒவ்வொரு கட்டத்தின் உயரத்திலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தவறு இருக்கலாம். ஆனால் அத்தவறுகளில் ஒன்று கூடுதலாகவும் மற்றொன்று குறைவாகவும் இருப்பதால், இலட்சக்கணக்கில் கூட்டும்போது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். எல்லாக் கட்டங்களிலும் ஒரே பக்கமாகச் சாய்ந்த தவறு மட்டும் அடிபடாது. அதை அறியவே, மாதிரியைப் பொருத்துவதில் சேர்க்காத மூன்று குறிப்பலகைகளைத் தனியே வைத்திருந்தேன். அவற்றில் வேறுபாடு இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்படவில்லை. எங்கும் ஒரே பக்கமாக இரண்டு சென்டிமீட்டர் என்றே கொண்டாலும், அது 20 கன மீட்டர், அதாவது 30 டன் மட்டுமே. அதுவும், மேற்பரப்பையும் அடிவிளிம்பையும் ஒரே மாதிரியிலிருந்து எடுத்திருந்தபடியால், இரண்டும் சேர்ந்தே உயர்ந்து சேர்ந்தே தாழும். வேறுபாட்டில் அத்தவறு பெரும்பாலும் மறைந்துவிடும். ஆகவே குறை மேலே இல்லை. மீதமிருப்பவை இரண்டு: கன மீட்டருக்கு ஒன்றரை டன் என்ற எடை, மற்றும் நான் பாராத தரை.

மறுநாள் உரிமையாளரிடம், "குவியல் முழுவதும் விற்றுத் தீரும்வரை யாரையும் குறை கூறாதீர்கள், தரையைக் காணாமல் என் கணக்கு முடிவதில்லை" என்றேன். அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை, ஆயினும் இசைந்தார். கடைசியில் அள்ளும்போது செம்மண் தென்பட்டவுடன் லோடரின் வாளியை நிறுத்திவிட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டேன். புதிதாகச் சுரண்டிவிட்டால் பழைய தரையின் வடிவம் அழிந்துபோகும் அல்லவா?

ஏழு வாரம் கழித்து, வெறுந்தரையின்மேல் அதே குறிப்பலகைகளைக் கொண்டு மறுபடியும் பறக்கவிட்டேன். இருவேறு நாட்களில் எடுத்த இரு மாதிரிகளை ஒப்பிடும்போது முன் சொன்ன சலுகை கிடையாது. ஒன்று ஐந்து சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டால், குவியலே 50 கன மீட்டர் மாறிவிடும். ஆகையால், இடைக்காலத்தில் மாறாத இடமாகிய எடைமேடையின் காங்கிரீட் தளத்தில் இரண்டு மாதிரிகளையும் ஒப்பிட்டேன். வேறுபாடு ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்தது. அதன் பின்னரே தரையைப் பார்த்தேன்.

முற்றத்தின் நடுவே ஆழமற்ற தாம்பாளம் போன்ற ஒரு பள்ளம். விளிம்பில் ஒன்றுமில்லை, நடுவே 26 சென்டிமீட்டர். முந்தைய குவியலை அள்ளியபோது, லோடரின் வாளி ஒவ்வொரு முறையும் தரையைச் சிறிது கடித்துக்கொண்டே சென்றிருக்கிறது. அப்பள்ளத்தில் முதலில் கொட்டிய ஜல்லி நிரம்பி, அதன்மேல் குவியல் எழுந்திருக்கிறது. விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேர்கோடு இழுத்த என் முக்கோணங்கள் அப்பள்ளத்தின்மேல் பாலம்போல் கடந்துவிட்டன. பள்ளத்தின் சராசரி ஆழம் 13 சென்டிமீட்டர். கொள்ளளவு 130 கன மீட்டர். அதைச் சேர்த்தால் 2,930 கன மீட்டர். ஒன்றரை டன் வீதம் 4,395 டன். ஏட்டுக்கும் இதற்கும் இடையே எஞ்சியது 15 டன். அதை எவரும் குறையென்று சொல்ல முடியாது. ஏனெனில், குவியலின் அடியில் ஜல்லி சற்று இறுகியும் மேலே சற்று நெகிழ்ந்தும் கிடக்கும். கன மீட்டர் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு பிசகினாலே 44 டன் மாறும். டிரோன் பருமனைத்தான் அளக்கிறது, எடையை அளப்பதில்லை.

உரிமையாளர் கணக்கரை அழைத்து, தரையின் படத்தை அவரிடமே காட்டச் சொன்னார். பெரியவர் அதைச் சிறிது நேரம் பார்த்தார். "இந்தக் குழியில் மழைக்குத் தண்ணீர் நிற்குமே, என்னைக் கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன்" என்றார். அவர் சொன்னது உண்மை. நான் அவரைக் கேட்கவேயில்லை.

அன்று முதல் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டிருக்கிறேன். புதிய முற்றத்தில் ஜல்லி கொட்டுமுன்பே வெறுந்தரையை ஒருமுறை அளந்து வைத்துக்கொள்கிறேன். அது இயலாத இடத்தில், விடையோடு கூடவே, அடித்தளம் ஊகித்தது என்றும், அது பத்து சென்டிமீட்டர் மாறினால் இத்தனை கன மீட்டர் மாறும் என்றும் எழுதித் தருகிறேன். அந்தக் குவியலுக்கு அத்தொகை 100 கன மீட்டர், 150 டன். அந்த ஒரு வரியை முதல் நாளே எழுதியிருந்தால், ஒரு பெரியவர் ஏழு வாரம் தலைகுனிந்து வேலைக்கு வந்திருக்க வேண்டியதில்லை.