குறைமாதக் குழந்தைக்கு இரண்டு வயதுக் கணக்கு

முப்பதாவது வாரத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தை. இப்போது ஏழு மாதம். இன்னும் உட்காரவில்லை, இப்போதுதான் குப்புற விழப் பார்க்கிறாள். பக்கத்து வீட்டில் அதே மாதம் பிறந்த குழந்தையோ உட்கார்ந்து விளையாடுகிறது. அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது.

இங்கே ஒரு கழித்தல் கணக்கு போட வேண்டும். கர்ப்பத்தின் முழுக் காலம் நாற்பது வாரம். இவள் பத்து வாரம் முன்னதாக வந்தவள். பிறந்து முப்பது வாரம் ஆகியிருந்தாலும், பத்தைக் கழித்தால் இருபது வாரம், அதாவது ஐந்து மாதத்துக்கும் சற்றுக் குறைவு. இதைத் திருத்திய வயது என்பார்கள். அந்த வயதில் கழுத்து நின்று, குப்புற விழ முயல்வது சரியான வளர்ச்சிதான். பொதுவாக இரண்டு வயது வரை இப்படியே கணக்கிட வேண்டும். தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கழித்தல் கிடையாது. பிறந்த தேதிப்படியே போட வேண்டும்.

ஆனால் எல்லாவற்றையும் 'குறைமாசம்தானே' என்று தள்ளிவிடவும் கூடாது. திருத்திய வயதில் நான்கு மாதம் கடந்தும் கழுத்து நிற்காவிட்டாலோ, கை எப்போதும் முஷ்டியாகவே இருந்தாலோ, டயப்பர் மாற்றும்போது கால்கள் விறைத்துக் கத்தரிபோல் பின்னிக்கொண்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு வயதுக்குள் ஒரே கையை மட்டும் நீட்டுவதைச் சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. மறு கை பலவீனமாக இருப்பதன் அடையாளமாக அது இருக்கலாம். அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திருக்க வேண்டாம். இயன்முறைப் பயிற்சியை நோயின் பெயர் உறுதியாகும் முன்பே தொடங்கிவிடலாம்.