‘மாண்டரின் தெரிந்திருக்க வேண்டும்’: தப்பெண்ணம், பாகுபாடு, கட்டமைப்பு இனவாதம்

சிங்கப்பூரின் வேலை விளம்பரங்களில் ‘மாண்டரின் பேசத் தெரிந்திருக்க வேண்டும்’ என்ற வரி நெடுங்காலமாகத் தென்பட்டு வருகிறது. அதைப் படிக்கும் தமிழர், மலாய்க்காரர் பலருக்கு அது தம்மை ஒதுக்கும் இனவாதமாகத் தோன்ற, எழுதிய முதலாளிக்கோ அது வாடிக்கையாளரோடு பேசுவதற்கான சாதாரணத் தேவையாகவே தோன்றுகிறது. இரு தரப்பினரும் மனமறிந்து பொய் சொல்லாதபோதும் பேச்சு கசப்பில் முடிவதற்குக் காரணம், மூன்று வெவ்வேறு நிலைகளை எல்லோரும் இனவாதம் என்ற ஒரே பெயரால் குறிப்பதுதான். அந்த மூன்றில் முதலாவது மனத்தில் இருப்பது, இரண்டாவது ஒருவர் செய்வது, மூன்றாவது விதிகளிலும் வழக்கங்களிலும் படிந்திருப்பது.

ஒரு குழுவைச் சேர்ந்தவர் என்ற ஒரே காரணத்தால், ஒருவரை அறிந்துகொள்ளும் முன்பே அவரைப்பற்றி உருவாக்கிக்கொள்ளும் கருத்து தப்பெண்ணம் எனப்படும். அந்தக் கருத்தாலோ வேறு காரணத்தாலோ ஒருவரை மற்றவரைவிடத் தாழ்வாக நடத்தும் செயல் பாகுபாடு. எவர் மனத்திலும் வெறுப்பு இல்லாதபோதும், சட்டம், நிறுவன விதி, பழக்கம் ஆகியவை ஒன்றோடொன்று சேர்ந்து ஓர் இனத்தாருக்குத் திரும்பத் திரும்ப ஒரே திசையில் இழப்பை உண்டாக்குமானால் அது கட்டமைப்பு இனவாதம். இந்த மூன்றாவது கருத்துக்கு நெருங்கிய பெயர் ஒன்றை, அதாவது ‘நிறுவனமயமான இனவாதம்’ என்பதை, ஸ்டோக்லி கார்மைக்கேலும் சார்ல்ஸ் ஹாமில்டனும் 1967-இல் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் நிலையை விளக்க எழுதிய நூலில் முன்வைத்தார்கள்.

நாற்பது பேர் வேலை செய்யும் ஓர் அலுவலகத்தில் கணக்காளர் பதவி ஒன்று காலியாக இருப்பதாக வைத்துக்கொண்டால் மூன்றும் பிரிந்து தெரியும். ‘இந்தியர்கள் அதிகம் பேசுவார்கள், வேலை குறைவாகச் செய்வார்கள்’ என்று நம்பும் மேலாளர் ஒருவர், விண்ணப்பங்களை ஒழுங்காகப் படித்துத் தகுதியுள்ள தமிழ்ப் பெண்ணையே நியமித்துவிடுகிறார் என்றால், அங்கே தப்பெண்ணம் இருக்கிறது, ஆனால் நியமனத்தில் பாகுபாடு நிகழவில்லை. அதே மேலாளர் தமிழ்ப் பெயர் கொண்ட விண்ணப்பங்களைத் திறக்காமலே ஒதுக்கினால் அது பாகுபாடு. தப்பெண்ணமே இல்லாத ஒருவரும் பாகுபாடு காட்ட முடியும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ‘எனக்கு எந்த வேறுபாடும் இல்லை, வாடிக்கையாளர்கள்தாம் விரும்பமாட்டார்கள்’ என்று சொல்லித் தகுதியானவரைத் தவிர்ப்பவர் மற்றவரின் தப்பெண்ணத்தைத் தம் கையால் நிறைவேற்றுகிறார், விண்ணப்பித்தவருக்கு ஏற்படும் இழப்போ சிறிதும் குறைவதில்லை.

இனி விளம்பர வரிக்கே வரலாம். வேலையின் பெரும்பகுதி மாண்டரின் மட்டுமே பேசும் முதியவர்களைக் கவனிப்பதானால் அந்தத் தேவை உண்மையானது, அதுபோலவே சிராங்கூன் சாலையில் தமிழகத்திலிருந்து வரும் ஊழியர்களுக்குப் பொருள் விற்கும் கடை தமிழ் தெரிந்த விற்பனையாளரைத் தேடுவதும் நியாயமானது. கணக்கேடுகள் அனைத்தும் ஆங்கிலத்தில் இருக்க, மதிய உணவு மேசையில் மற்றவர்கள் மாண்டரின் பேசுகிறார்கள் என்பதற்காக அதைத் தகுதியாக்கினால் கதை வேறு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்வாசிகளில் சீனர் 74.3 விழுக்காடு, மலாய்க்காரர் 13.5 விழுக்காடு, இந்தியர் 9 விழுக்காடு என்றிருக்க, வேலைக்குத் தேவையற்ற மொழித் தகுதி, இனத்தின் பெயரைச் சொல்லாமலே இனத்தைப் பிரிக்கும் சல்லடையாகிவிடுகிறது. அந்த வேலையின் எந்தப் பணியை, வாரத்தில் எத்தனை முறை, அந்த மொழி இல்லாமல் செய்ய முடியாது என்று கேட்டால் உண்மைத் தேவையும் பொய்த் தேவையும் விலகிவிடும்.

2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம் இந்தக் கேள்வியைத்தான் முதலாளியிடம் கேட்கிறது. இனம், சமயம், மொழித்திறன், வயது, பாலினம் முதலியவற்றைக் காரணமாக்கி ஒருவரை வேலைக்கு எடுக்க மறுப்பதையும் பதவி உயர்வு மறுப்பதையும் பணிநீக்கம் செய்வதையும் அது தடுக்கிறது, வேலையின் உண்மைத் தேவைக்கு விலக்கு அளிக்கிறது. தொடக்கத்தில் 25 ஊழியர்களுக்குக் குறைவான நிறுவனங்கள் அதன் வரம்புக்குள் வரமாட்டா. ஆனால் இச்சட்டம் எட்டுவது நேரடிப் பாகுபாட்டை, அதாவது இரண்டாவது நிலையை மட்டுமே. மேற்சொன்ன அலுவலகம் மாண்டரின் வரியை நீக்கிவிட்டு, காலியிடங்களை இனி ஊழியர்களின் பரிந்துரை வழியாகவே நிரப்புவது என்று முடிவு செய்தால், அந்த விதி எல்லாருக்கும் பொதுவானது, அதில் இனத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இருந்தாலும் முப்பத்தைந்து பேர் சீனராக உள்ள இடத்தில் பரிந்துரைகள் பெரும்பாலும் சீன நண்பர்களுக்கே செல்லும், பத்து ஆண்டுகள் கழித்தும் அலுவலகத்தின் முகம் மாறியிருக்காது. மூன்றாவது நிலை இப்படித்தான் இயங்குகிறது. அதில் குற்றவாளி என்று சுட்ட ஒரு மனிதர் கிடைப்பதில்லை என்பதாலேயே அது இல்லை என்று முடிவு கட்டுவது தவறு.

சில நாடுகளின் சட்டம் இந்த நிலையையும் தொட்டிருக்கிறது. அமெரிக்காவின் வட கரோலினாவில் டியூக் பவர் நிறுவனம் கறுப்பினத் தொழிலாளர்களைக் குறைந்த கூலியுள்ள ஒரே பிரிவில் வெளிப்படையாக அடைத்து வைத்திருந்தது. குடிமை உரிமைச் சட்டத்தின் வேலைவாய்ப்புப் பகுதி 1965-இல் நடைமுறைக்கு வந்த பிறகு, மற்ற பிரிவுகளுக்குச் செல்ல விரும்புவோருக்கு உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழும் பொதுத் தேர்வுகளும் தடைகளாக நின்றன. தரமான பள்ளிகள் மறுக்கப்பட்டிருந்த கறுப்பினத்தவரே அவற்றில் பெரும்பாலும் தோற்றார்கள். அந்தத் தகுதிகளுக்கும் வேலையைச் செய்யும் திறமைக்கும் தொடர்பு காட்டப்படாததால், நிறுவனத்தின் நோக்கம் எதுவாயினும் அவை செல்லா என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971-இல் தீர்ப்பளித்தது. பள்ளியில் நேர்ந்த இழப்பு வேலையிடத்தில் ‘தகுதிக் குறைவு’ என்ற வடிவில் மீண்டும் எழுகிறது என்பதே அந்த வழக்கின் சாரம்.

சிங்கப்பூரின் பள்ளிகளில் முதல் இரு நிலைகள் எளிதில் கண்ணில் படும். தோல் நிறத்தையும் தலையில் தேய்த்த எண்ணெயின் வாசனையையும் வைத்துக் கேலி செய்வதும், குழுப்பணியில் எவரும் சேர்த்துக்கொள்ளாத மாணவராக ஒருவர் எஞ்சி நிற்பதும், சேர்த்துக்கொண்ட பிறகும் மற்றவர்கள் மாண்டரினிலேயே பேசித் திட்டம் வகுப்பதும் அவற்றில் அடங்கும். ஜூலை 21-இல் கொண்டாடப்படும் இன நல்லிணக்க நாள் இவற்றைத்தான் குறிவைக்கிறது. ஒருவர் உடையை மற்றவர் அணிவது தப்பெண்ணத்தைச் சற்றுத் தளர்த்தலாம்.

மூன்றாவது நிலைக்கு எடுத்துக்காட்டாக 1979-இல் ஒன்பது உயர்நிலைப் பள்ளிகளுடன் தொடங்கிய சிறப்பு உதவித் திட்டத்தைச் சொல்லலாம். ஆங்கிலவழிக் கல்வியைப் பெற்றோர் நாடியதால் சீனவழிப் பள்ளிகள் தேய்ந்துகொண்டிருந்த காலத்தில், அவற்றின் மரபு அழியாதிருக்க ஆங்கிலத்தையும் சீனத்தையும் உயர்ந்த நிலையில் கற்பிக்கும் பள்ளிகளை அரசு உருவாக்கியது. அந்த நோக்கம் மதிக்கத்தக்கது, எந்த இனத்தையும் இழிவுபடுத்தும் எண்ணம் அதில் இல்லை. ஆனால் அப்பள்ளிகளில் சில நாட்டின் தலைசிறந்த பள்ளிகளாக வளர்ந்துவிட்டன, அங்கே தாய்மொழிப் பாடம் சீனமே என்பதால் தமிழையோ மலாயையோ பயிலும் பிள்ளை மதிப்பெண் எவ்வளவு பெற்றாலும் அந்தக் கதவு நடைமுறையில் திறப்பதில்லை. உள்ளே படிக்கும் சீனப் பிள்ளைக்கும் ஓர் இழப்பு உண்டு: பதின்ம வயது முழுவதும் தமிழ் வகுப்புத் தோழர் எவரும் இல்லாமல் அவர் வளரக்கூடும், பின்னாளில் மேலாளராக அமர்ந்து விண்ணப்பங்களைப் புரட்டும்போது இந்தியரைப்பற்றி அவர் அறிந்ததெல்லாம் கேள்விப்பட்டதாகவே இருக்கக்கூடும். தப்பெண்ணம் பாகுபாடாகவும் பாகுபாடு கட்டமைப்பாகவும் வளர்கிறது என்றே பொதுவாகக் கற்பிக்கிறார்கள். கட்டமைப்பும் தப்பெண்ணத்தைப் புதிதாக விளைவிக்கிறது என்பதையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும்.

நல்ல நோக்கமும் ஒருபக்கச் சுமையும் ஒரே விதிக்குள் இருக்க முடியும் என்பதை வீவக வீடுகளுக்கான இன ஒருங்கிணைப்புக் கொள்கை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. இனவாரியான குடியிருப்புகள் உருவாகாமல் தடுக்க 1989-இல் வந்த இக்கொள்கை ஒவ்வொரு புளோக்கிலும் வட்டாரத்திலும் ஒவ்வோர் இனத்துக்கும் உச்சவரம்பு வைக்கிறது. புளோக் அளவில் அது சீனருக்கு 87, மலாய்க்காரருக்கு 25, இந்தியருக்கும் பிறருக்கும் 15 விழுக்காடு. சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் ஒரு சீனர் மற்றொரு சீனருக்கு வீட்டை விற்கலாம், ஏனெனில் விகிதம் மாறாது. அதே புளோக்கில் உள்ள தமிழர் சீனருக்கு விற்க முடியாது, ஆகவே வாங்கக்கூடியவர்களில் மிகப் பெரும்பகுதியினர் அவருக்கு இல்லாமல் போகிறார்கள். அவர் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அல்லது விலையைக் குறைக்க வேண்டும். இச்சுமை இருப்பதை அரசே ஒப்புக்கொண்டு, குறைந்தது 10 ஆண்டுகள் சொந்தமாக வைத்திருந்தும் விற்க இயலாதவர்களின் வீட்டைக் கழகமே திரும்ப வாங்கும் ஏற்பாட்டை 2022-இல் அறிவித்தது. கொள்கையைக் கைவிடாமலே அதன் சுமையைப் பகிர முடியும் என்பதற்கு இது நல்ல சான்று.

லிட்டில் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் தமிழக, பங்ளாதேஷ் ஊழியர்களின் நிலைக்கு வரும்போது இந்தச் சொற்களின் எல்லையும் தெரிகிறது. 2020-இல் கிருமித்தொற்று பரவியபோது தங்குவிடுதிகளில் இருந்த சுமார் 3,23,000 பேரில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்பட்டிருந்ததை அந்த ஆண்டின் இறுதியில் வெளியான கணக்கு காட்டியது. நகரவாசிகள் வெளியே நடமாடத் தொடங்கி நெடுநாள் ஆன பிறகும் அந்த ஊழியர்கள் விருப்பப்படி வெளியே செல்ல முடியவில்லை. அவர்களைத் தடுத்த விதிகள் இனத்தால் அல்ல, வேலை அனுமதியின் வகையாலும் வசிப்பிடத்தாலும் வரையப்பட்டவை, அவற்றில் சிக்கியவர்களில் சீன நாட்டவரும் உண்டு. எனவே இதை இனவாதம் என்று மட்டும் சொன்னால் குடியுரிமையும் கூலியும் வகிக்கும் பங்கு மறைந்துபோகும். இங்கே பிறந்த தமிழர் சிலர் அந்த ஊழியர்கள் பேருந்தில் அருகே அமரும்போது விலகுவதும் தப்பெண்ணமே, தோலின் நிறமும் மொழியும் ஒன்றாக இருப்பது அதை மன்னிக்கத்தக்கதாக்காது. ஆனால் அந்தத் தமிழர் மனம் மாறினாலும் ஊழியரின் அடிப்படை நிலை மாறாது, ஏனெனில் வேலை அனுமதி குறிப்பிட்ட முதலாளியின் பெயரில் வழங்கப்படுகிறது, அதை ரத்து செய்யக் கோரும் உரிமை அந்த முதலாளிக்கு இருக்கிறது, ஏஜண்டுக்குக் கட்டிய பணத்தின் கடனோ ஊரில் காத்திருக்கிறது. சம்பளத்தையோ அறையையோ பற்றிப் புகார் கொடுக்கலாமா என்று எண்ணும்போது ஊழியர் முதலில் எடைபோடுவது இவற்றைத்தான்.