'நம்ம ஆள்' என்று மனம் சொல்லும்போது...



நேர்முகத் தேர்வுக்கு எப்படித் தயாராவது, என்ன உடை உடுத்துவது, எப்படிப் பேசுவது என்றெல்லாம் நம் மன்றத்தில் பலமுறை பேசியாகிவிட்டது. இந்த வாரம் மேசையின் மறுபக்கத்துக்குப் போவோம். விண்ணப்பதாரர் நன்றி சொல்லி வெளியேறிய பிறகு, உள்ளே இருக்கும் மூன்று பேர் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள்? வேலை யாருக்கு என்பது பெரும்பாலும் அந்தச் சில நிமிடங்களில்தான் முடிவாகிறது.

பல அலுவலகங்களில் அந்தப் பேச்சு இப்படித்தான் இருக்கும். குழுவின் மூத்தவர், "எனக்கு இவரைப் பிடித்திருக்கிறது. நம்மோடு நன்றாக ஒத்துப்போவார்" என்பார். பக்கத்தில் இருப்பவர் தலையாட்டுவார். மூன்றாமவருக்கு ஏதோ ஒரு சந்தேகம் இருந்தாலும், இரண்டு பெரியவர்கள் சொன்ன பிறகு நாம் எதற்கு என்று வாயை மூடிக்கொள்வார். மூன்று பேர் கூடி எடுத்த முடிவு என்று பதிவாகும். உண்மையில் முடிவெடுத்தது ஒருவர்தான்.

சரி, அந்த ஒருவர் எதை வைத்து முடிவெடுத்தார்? அமெரிக்கச் சமூகவியலாளர் லாரன் ரிவேரா, பெரிய வழக்கறிஞர் நிறுவனங்கள், முதலீட்டு வங்கிகள், ஆலோசனை நிறுவனங்கள் ஆகியவற்றில் ஆள் எடுப்பவர்களிடம் பேசி, 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். திறமையைத்தான் பார்ப்பதாக அவர்கள் சொன்னாலும், தங்களைப் போன்ற பொழுதுபோக்கு, தங்களைப் போன்ற அனுபவம், தங்களைப் போன்ற பேச்சு உள்ளவர்களிடம் அவர்கள் மனம் சாய்ந்தது தெரிய வந்தது. 'பிடித்திருக்கிறது' என்ற சொல்லுக்குள் 'என்னைப் போலவே இருக்கிறார்' என்பது ஒளிந்திருக்கிறது, பாருங்கள்.

இது நமக்கும் சம்பந்தப்பட்ட விஷயம். நம் பிள்ளைகள் வேலை கேட்டுப் போகும்போது, "அங்கே அவர்கள் ஆட்களைத்தான் எடுப்பார்கள்" என்று குமுறுகிறோம். நாமே தேர்வுக் குழுவில் உட்காரும்போது, நம் ஊர், நம் பள்ளி, நம் மொழி என்று மனம் சாய்ந்தால் அதை என்னவென்று சொல்வது? கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமலேயே இது நடந்துவிடும். ஆகவே நல்ல எண்ணம் மட்டும் இதைத் தடுக்காது. வேலை முறையை மாற்றினால்தான் தடுக்க முடியும்.

இதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. 2002இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற டேனியல் கானமன், 1950களில் இளைஞராக இஸ்ரேலிய இராணுவத்தில் பணியாற்றியபோது, புதிதாகச் சேருவோரை நேர்காணல் செய்யும் முறையைச் சீரமைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. அதுவரை நேர்காணல் செய்தவர்கள் ஆளிடம் பொதுவாகப் பேசிப் பார்த்து, 'தேறுவார், தேறமாட்டார்' என்று மொத்தமாக ஒரு கணிப்பைச் சொல்லி வந்தார்கள். அந்தக் கணிப்பு பெரும்பாலும் பலிக்கவில்லை. கானமன் ஆறு பண்புகளைத் தேர்ந்தெடுத்தார். ஒவ்வொரு பண்புக்கும் நடந்த விஷயங்களைப் பற்றி மட்டுமே கேள்வி கேட்டு, அதற்கு 1 முதல் 5 வரை புள்ளி போட்ட பிறகுதான் அடுத்த பண்புக்குப் போக வேண்டும் என்றார். நேர்காணல் செய்தவர்களுக்குக் கோபம். எங்களை இயந்திரம் ஆக்குகிறீர்களா என்று கேட்டார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த, "எல்லாம் முடிந்த பிறகு கண்ணை மூடி, இவர் எப்படிப்பட்ட படைவீரராக இருப்பார் என்று நினைத்துப் பார்த்து ஒரு புள்ளி போடுங்கள்" என்றும் சேர்த்தார்.

சில மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, ஆறு புள்ளிகளின் கூட்டுத்தொகை பழைய முறையைவிட மிக நன்றாகப் பலித்தது. ஆச்சரியம் என்னவென்றால், கண்ணை மூடிப் போட்ட அந்தக் கடைசிப் புள்ளியும் அதே அளவுக்குப் பலித்தது. ஆக, உள்ளுணர்வு எப்போதுமே வீண் என்று சொல்ல முடியாது. ஆனால் அது முதலில் பேசக்கூடாது. சான்றுகளையெல்லாம் தனித்தனியே பார்த்து முடித்த பிறகு, கடைசியில்தான் பேச வேண்டும்.

இதை நம் அலுவலகத்தில் எப்படிச் செய்வது? ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு சிறிய விநியோக நிறுவனம் லாரிப் பிரிவுக்கு ஒரு மேற்பார்வையாளரைத் தேடுகிறது. தேர்வுக் குழுவில் மேலாளர், மனிதவள அதிகாரி, அனுபவமுள்ள ஓர் இளைய மேற்பார்வையாளர் என மூவர். கடைசிச் சுற்றில் இருவர். ஒருவர் 29 வயது இளைஞர், மேலாளர் படித்த அதே பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்தவர், கலகலப்பாகப் பேசுவார். இன்னொருவர் 46 வயது மாது. பிள்ளைகளுக்காகச் சில ஆண்டுகள் வீட்டில் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பியவர், அளந்துதான் பேசுவார்.

விண்ணப்பங்களைத் திறப்பதற்கு முன்பே குழு மூன்று விஷயங்களை எழுதி வைத்துவிட்டது: நெருக்கடியில் திட்டமிடுதல், கோபத்தில் இருக்கும் வாடிக்கையாளரைச் சமாளித்தல், பதிவுகளைப் பிழையின்றி வைத்தல். இந்த வேலையில் முதலாவதே அதி முக்கியம் என்பதால், அதற்கு இரட்டிப்பு மதிப்பு என்றும் அப்போதே முடிவு செய்தார்கள். இதை முன்கூட்டியே செய்வது அவசியம். ஆளைப் பார்த்த பிறகு செய்தால், நமக்குப் பிடித்தவரிடம் எது இருக்கிறதோ அதுவே முக்கியமாகிவிடும்.

இருவரிடமும் ஒரே கேள்வி: "காலையில் ஓட்டுநர்கள் திடீரென்று எம்.சி. எடுத்துவிட்ட ஒரு நாளைப் பற்றிச் சொல்லுங்கள். நீங்கள் என்ன செய்தீர்கள்?" எந்த மாதிரி பதிலுக்கு என்ன புள்ளி என்பதும் தாளில் இருக்கிறது. பொதுவாகப் பேசினால் 1. தாம் செய்ததை வரிசையாகச் சொன்னால் 3. வாடிக்கையாளருக்கு முன்னதாகவே தகவல் சொல்லி, மறுமுறை அப்படி நடக்காமலிருக்க ஏற்பாடும் செய்திருந்தால் 5.

நேர்முகம் முடிந்ததும் மூவரும் பேசாமல், தனித்தனியே புள்ளிகளையும் காரணத்தையும் எழுதி மனிதவள அதிகாரியிடம் தாளைக் கொடுத்துவிட்டார்கள். நடைபாதையில் நின்று "எப்படி?" என்று கேட்பதுகூட இந்த முறையில் தவறு. கலந்தாய்வு தொடங்கியதும், தாளில் இருந்த புள்ளிகள் அனைத்தும் பலகையில் எழுதப்பட்டன. பேச்சு இளையவரிடமிருந்து ஆரம்பித்தது. மேலாளர் கடைசியாகத்தான் பேசினார். இருவரையும் கேள்வி கேள்வியாக ஒப்பிட்டார்கள். ஆளை முழுசாக எடுத்துக்கொண்டு பேசினால், ஒரு நல்ல அபிப்பிராயம் எல்லாப் புள்ளிகளையும் தூக்கிவிடும்.

திட்டமிடும் கேள்விக்கு இளைஞருக்கு மேலாளர் 4 போட்டிருந்தார், இளைய மேற்பார்வையாளர் 2 போட்டிருந்தார். இப்படி இரண்டு புள்ளி வித்தியாசம் வந்தால், கூட்டி வகுத்து 3 என்று முடித்துவிடக் கூடாது. ஒருவர் கேட்டதை மற்றவர் கேட்கவில்லை என்பதற்கு அது அடையாளம். குறிப்பைப் படித்தார்கள். மேலாளரின் குறிப்பு: "தன்னம்பிக்கையோடு பேசினார்." இளையவரின் குறிப்பு: "மேலாளருக்குப் போன் செய்ததாகச் சொன்னார். பிறகு லாரி எப்படிப் போனது என்று சொல்லவில்லை." முதலாவது ஆளைப் பற்றியது, இரண்டாவது பதிலைப் பற்றியது. மேலாளர் தாளை மறுபடி பார்த்துவிட்டு 2க்கு இறங்கினார்.

அதே கேள்விக்கு அந்த மாது, பாதைகளைப் பிரித்து மூன்று லாரிகளுக்குப் பகிர்ந்ததையும், தாமதமாகும் கடைகளுக்குக் காலை எட்டு மணிக்கே சொன்னதையும், பிறகு மாற்று ஓட்டுநர் பட்டியல் தயாரித்ததையும் சொல்லியிருந்தார். இருவர் 5, மேலாளர் 4. வாடிக்கையாளர் கேள்வியில் இளைஞர்தான் மேல். மூவருமே அவருக்குக் கூடுதல் புள்ளி போட்டிருந்தார்கள், அதை யாரும் குறைக்கவில்லை. பதிவுகளில் மாது சற்று மேல். முதல் விஷயத்துக்கு இரட்டிப்பு மதிப்பு என்று முன்பே முடிவானதால், மொத்தத்தில் மாது முந்தினார்.

கடைசியில் மேலாளருக்கு ஒரு தயக்கம். "பிள்ளைகள் இருக்கிறார்களே, அதிகாலை வேலை நேரம் ஒத்துவருமா?" மனிதவள அதிகாரி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதை அந்த இளைஞரைப் பற்றி நாம் கேட்டோமா?" கேட்கவில்லை. வேலை நேரம் இதுதான், சம்மதமா என்று இருவரிடமும் ஒரே மாதிரி கேட்பதே முறை. 2025 ஜனவரியில் சிங்கப்பூர் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டம், வயது, பாலினம், இனம், மொழி ஆகியவற்றோடு பராமரிப்புப் பொறுப்பையும் பட்டியலிட்டிருப்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

மன்றத்தில் ஒரு நேயர் நியாயமான கேள்வி ஒன்றைக் கேட்டார். "புள்ளியிலும் ஏமாற்றலாமே?" ஏமாற்றலாம். மனத்தில் முடிவெடுத்துவிட்டு, அதற்கேற்பப் புள்ளி போடுவோர் உண்டு. கண்டுபிடிக்க வழியும் உண்டு. ஒருவருக்கு 4, 4, 4 என்றும் மற்றவருக்கு 2, 2, 2 என்றும் ஒரே சீராக இருந்தால் சந்தேகப்படுங்கள். எந்த மனிதரும் எல்லாவற்றிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. குறிப்பில் 'நல்ல பையன்', 'ஏதோ குறைகிறது' போன்ற சொற்கள் இருந்து, அவர் சொன்ன பதில் எதுவும் இல்லையென்றாலும் அப்படித்தான். அப்போது, "இதே பதிலை அடுத்தவர் சொல்லியிருந்தால் என்ன புள்ளி போட்டிருப்பீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. கேள்வி வேலைக்குப் பொருந்தாவிட்டால், எவ்வளவு கவனமாகப் புள்ளி போட்டும் பயனில்லை. நன்றாகக் கதை சொல்பவர் கொஞ்சம் கூடுதலாகப் பெறவே செய்வார். அதனால்தான் அந்த நிறுவனம் இருவரிடமும் ஒரு நாள் பாதை அட்டவணையைக் கொடுத்து, அரை மணி நேரத்தில் திருத்தித் தரச் சொன்னது. மனம் ஏதோ நெருடுகிறது என்றால் அதையும் மறைக்க வேண்டாம். எது நெருடுகிறது என்று சொல்லுங்கள். சரிபார்க்க முடிந்ததாக இருந்தால், முன்னாள் முதலாளியிடமோ இன்னொரு கேள்வியிலோ சரிபாருங்கள். சரிபார்க்க எதுவும் கிடைக்காவிட்டால், அது புள்ளிகளை மாற்றக்கூடாது.

அடுத்த முறை தேர்வுக் குழுவில் உங்களுக்கு ஓர் இடம் கிடைத்தால், "உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று தலைவர் கேட்பதற்கு முன், "முதலில் எல்லாரும் எழுதிவிடலாமா?" என்று கேளுங்கள். அந்தத் தாளில் உள்ள வரிகள், வெளியே காத்திருப்பவர் யாராக இருந்தாலும் அவருக்கு விளக்கிச் சொல்லக்கூடியவையாக இருக்கட்டும்.