உறுமலை அறுத்த முனகல்

1993-இல் வெளிவந்த 'டூம்' கணினி விளையாட்டில் பி.எஃப்.ஜி என்றொரு ராட்சதத் துப்பாக்கி உண்டு. சுடும் விசையை அழுத்தியதும் அது உறுமத் தொடங்கும். ஏறக்குறைய ஒரு விநாடி கழித்துத்தான் பச்சை நிறப் பந்து பாயும். எதிராளிக்கு அந்த உறுமல்தான் எச்சரிக்கை. அதை ஊமையாக்கும் வித்தையைச் சில ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். சுட்ட கையோடு, பக்கத்துச் சுவரைப் பார்த்துக் கதவு திறக்கும் விசையைத் தட்டுவார்கள். வெறும் சுவர் என்பதால் வீரன் ஒருமுறை முனகுவான். முனகல் எழுந்ததுமே உறுமல் பாதியில் அறுந்துவிடும்.

காரணம் அந்த நிரலில் இருந்த ஒரு விதி. ஒரு பாத்திரத்திடமிருந்து ஒரு நேரத்தில் ஒரே ஒலிதான் வரலாம். புதியது வந்தால் பழையதை நிறுத்திவிட வேண்டும். துப்பாக்கியின் உறுமலும் வீரனின் முனகலும் ஒரே ஆளின் கணக்கில் இருந்ததால் பின்னது முன்னதை விழுங்கியது.

அன்றைய கணினிகளுக்கு ஒவ்வொரு கூடுதல் ஒலியும் சுமை. இன்று அவ்வளவு நெருக்கடி இல்லை என்றாலும் வரம்பு மறையவில்லை. யூனிட்டி இன்ஜினில், நாம் மாற்றாத வரை, ஒரே நேரத்தில் உண்மையாக ஒலிப்பவை 32 மட்டுமே. மிஞ்சியவற்றில் எதை அடக்குவது என்பதை முன்னுரிமை எண் சொல்கிறது: 0 மிக முக்கியம், 256 கடைசி. எல்லா ஒலிகளுக்கும் தொடக்கத்தில் 128 என்றே இருக்கும். அதை யாரும் தொடாமல் விட்டால், காலடிச் சத்தத்தைவிட வில்லனின் கர்ஜனை முக்கியம் என்று இன்ஜினுக்குத் தெரிய வழியில்லை.

புதிதாக விளையாட்டு செய்பவர்கள் இந்த வரம்பை எட்டுவதற்கு முன்பே வேறோர் இடத்தில் இடறுகிறார்கள். ஒரே ஒலிமூலத்தில் `Play()` என்று மறுபடி மறுபடி அழைத்தால், ஒவ்வொரு முறையும் ஒலி முதலிலிருந்து தொடங்கும், முந்தையது அறுபடும். `PlayOneShot()` என்று மாற்றினால் ஒன்றின்மேல் ஒன்றாக ஒலிக்கும். அறுபடும் தொல்லை தீர்ந்தது. ஆனால் நேர் எதிரான தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

ஒலிகளைக் கலப்பது என்றால் எண்களைக் கூட்டுவதுதான். 16 பிட் ஒலியில் ஓர் அலை தொடக்கூடிய உச்சம் 32,767. நாணயம் எடுக்கும் 'டிங்' ஒலியின் உச்சம் 12,000 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாணயங்கள் ஒரே கணத்தில் சிக்கினால் 24,000, பிரச்சினை இல்லை. மூன்று என்றால் 36,000. எல்லைக்கு மேலே போன பகுதி மொட்டையாக வெட்டப்படுகிறது. காதில் விழுவது 'டிங்' அல்ல, கரகரப்பு.

வேறு வேறு ஒலிகள் இரண்டு சேர்ந்தால், அவற்றின் மேடும் பள்ளமும் ஒத்துப்போகாததால், சத்தம் சுமார் 3 டெசிபல்தான் கூடும். ஒரே பதிவு ஒரே கணத்தில் இரண்டு முறை ஒலித்தால் 6 டெசிபல் கூடும். பத்து முறை என்றால் 20. விளையாட்டில் இது தற்செயலாக நடப்பதில்லை. நிரல் பெரும்பாலும் விநாடிக்கு 60 முறை நிலைமையைச் சரிபார்க்கிறது. காந்தம் இழுத்த பத்து நாணயங்களும் ஒரே சுற்றில் வந்து சேர்ந்தால், பத்து ஒலிகளும் இம்மி பிசகாமல் ஒன்றாகவே புறப்படும்.

எல்லாவற்றின் சத்தத்தையும் குறைத்தால், ஒற்றை நாணயம் எடுக்கும்போது எதுவுமே கேட்காது. மொத்த ஒலியின் வாயிலில் லிமிட்டர் வைப்பது வெட்டுப்படுவதைத் தடுக்கும்; ஆனால் அதை மட்டும் நம்பினால் நாணயம் குவியும்போதெல்லாம் பின்னணி இசையும் சேர்ந்து அமுங்கும். எனவே திருத்தம் நாணயத்திடமே தொடங்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு 'டிங்' போதும். ஒன்று தொடங்கிய 50 மில்லி விநாடிக்குள் அடுத்தது தொடங்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் சுருதியைச் சற்றே மாற்றினால் அலைகள் அச்சுப்போலப் பொருந்தாது. பழைய ஒலியை நிறுத்தியே ஆக வேண்டுமென்றால், சட்டென்று வெட்டாமல் சுமார் 10 மில்லி விநாடியில் தேய்த்து முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் வெட்டிய இடத்தில் 'டிக்' என்று கேட்கும்.

எந்தக் கோளாறு என்று கண்டுபிடிக்க இசையை நிறுத்திவிட்டு, பத்து நாணயங்களை ஒன்றாக எடுத்துப் பார்த்தால் போதும். கரகரப்பு வந்து, மொத்த ஒலியின் மீட்டர் சிவப்பைத் தொட்டால் ஒலிகள் குவிகின்றன. மீட்டர் அமைதியாக இருக்க, ஒலியின் வால் மட்டும் காணாமல் போனால் முதலில் `Play()` அழைப்பைப் பார்க்க வேண்டும். அது சரியாக இருந்தால் அடுத்தது முன்னுரிமை எண்கள்.